ஆறாம் எண்ணின் குட்டை பீக்

மூக்குக்கு மேலே கோபம் வரும் ஆள் நான். அது எனக்கே தெரியும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத் தலைவர் ராஜாமணி சார் ஒரு தாளை என் பக்கம் தள்ளியபோது, உடனே வாயைத் திறக்காமல் மூன்று முறை படித்துப் பார்த்தேன். மூன்று முறையும் அதில் ஒரே விஷயம்தான் இருந்தது. "காரணம்: ஆய்வாளர் செல்வலட்சுமியின் எடைத் தவறு." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"போட்டுடும்மா," என்றார். "திங்கக்கெழம பதினோரு மணிக்கு கிரீஸ் கம்பெனிலேர்ந்து அந்தம்மா வருது. காரணம் இன்னான்னு காமிச்சாத்தான் ஒத்துக்கும்."

"நான் தப்பா நிறுக்கல சார். பெறவு எதுக்குப் போடணும்?"

"பின்ன யாரு நிறுத்தா? நானா?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நிறுத்தது நான்தான்.

எங்கள் ஆய்வுக்கூடம் ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில், இரண்டு பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது. சுற்றியிருக்கும் தொழிற்சாலைகள் பெயின்ட், கிரீஸ், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், ஈயப்பற்று என்று எதையாவது அனுப்பும். அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். எங்களிடம் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. கரைசலை ஆர்கான் பிளாஸ்மாவின் கொதிப்பில் தூவி, அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, எடைவாரியாகப் பிரித்து எண்ணிச் சொல்லும் இயந்திரம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. படித்தபோது புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்தது. இங்கே அதை நானே ஓட்டினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் என்னோடு அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் போன் கம்பெனியில் லைனில் நின்றார்கள். அவர்களிடம் "நான் அணுவை எண்ணுதேன்" என்று அலட்டிக்கொள்வேன். பொய்யும் இல்லையே.

கிரீஸ் கம்பெனி கதை இதுதான். சக்கரத் தாங்கிகளுக்குப் போடும் கிரீஸில் லித்தியம் சேர்ந்த சோப்பு இருக்கும். நூறு கிராம் கிரீஸுக்கு லித்தியம் கால் கிராமாவது, அதாவது 0.250 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வாங்குபவர்களின் நிபந்தனை. அந்த 2012 பிப்ரவரி வரை அவர்களின் கிரீஸ் எல்லாம் எங்களிடம் தேறியது. மார்ச்சிலிருந்து மூன்று லாட்டுகள் அடுத்தடுத்து விழுந்தன. 0.240, 0.241, 0.238. மூன்று அறிக்கையிலும் ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயர். நான் வேலையில் சேர்ந்ததும் மார்ச். ஆறு மாதம் பயிற்சி, அதன்பின்தான் நிரந்தரம். நான் வந்ததும் கிரீஸ் விழுந்ததும் ஒரே மாதமானால் யாரைச் சொல்வார்கள்? காக்காய் உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.

ஆனால் மார்ச்சில் இன்னொன்றும் மாறியிருந்தது. இயந்திரத்துக்கு "இத்தனை லித்தியம் இருந்தால் இத்தனை எண்ணிக்கை" என்று கற்றுக்கொடுக்க அளவு தெரிந்த ஒரு கரைசல் வேண்டும். அதை ஸ்டாண்டர்டு என்போம். வெளிநாட்டிலிருந்து சான்றிதழோடு வரும் ஸ்டாண்டர்டு தீர்ந்துபோய், அடுத்தது துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. "நாமளே செஞ்சுக்கலாம்," என்று ராஜாமணி சார் 99.9 சதவீதம் தூய்மை என்று எழுதிய ஒரு லித்தியம் கார்பனேட் பாட்டிலை வரவழைத்தார். 5.323 கிராம் நிறுத்து, அமிலத்தில் கரைத்து, ஒரு லிட்டருக்கு நிரப்பினால் அதில் சரியாக ஒரு கிராம் லித்தியம் இருக்கும். கணக்கை அவர் போட்டார், நிறுத்தது நான்.

"பாட்டில் சரியில்லையோ என்னமோ சார்," என்று அந்தச் சனிக்கிழமை சொல்லிப் பார்த்தேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சிரித்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் என் கை சரி என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் செய்யாத தப்புக்கு என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு என் ஊர் நாங்குநேரிக்கு பஸ் ஏற வேண்டும். வேறு வழி எதுவும் இல்லை.

தராசைச் சோதனை எடைகளை வைத்துப் பார்த்தேன். நான்காவது தசமம் வரை சரி. புதிதாக மூன்று முறை நிறுத்து மூன்று ஸ்டாண்டர்டு செய்தேன். மூன்றும் மார்ச்சில் செய்ததோடு அப்படியே ஒத்துப்போயின. அப்படியானால் நிறுத்ததில் தவறில்லை. பாட்டிலில் கலப்படமோ என்று கார்பனேட்டில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு டைட்ரேஷன் செய்து பார்த்தேன். 99.8. பாட்டிலும் யோக்கியம்.

கிரீஸை எரித்துச் சாம்பலாக்கிக் கரைத்துத் தருவது உச்சிமாகாளியின் வேலை. அம்பாசமுத்திரத்துக்காரன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏ செல்வி, எடை சரி, சரக்கும் சரி, நம்பர் மட்டும் தப்புன்னா பேய்தான் புடிச்சிருக்கும்," என்றான்.

"பேயிக்கும் எடை இருந்தா மிசின் காட்டிரும். நீ கிரீஸ் கரைசலை எடுத்து வை."

எனக்கு அப்போது ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம் இருந்தது. எங்கள் இயந்திரம் லித்தியத்தை ஏழு என்ற எடையில் மட்டும் எண்ணும்படி யாரோ முன்பே அமைத்திருந்தார்கள். நேரம் மிச்சம் என்று நாங்களும் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டாண்டர்டில் மட்டும் ஏழாம் எண்ணில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொண்டு எண்ணிக்கையை ஏற்றுகிறதா? ஸ்டாண்டர்டின் எண்ணிக்கை பொய்யாக ஏறினால், அதை வைத்து அளக்கும் கிரீஸ் குறைவாகத்தான் தெரியும். அதனால் ஏழை மட்டும் பார்க்காமல், ஐந்திலிருந்து எட்டு வரை முழுவதையும் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆர்கான் சிலிண்டரில் முள் சிவப்புக்கு அருகில் இருந்தது. மூன்று, நான்கு ஓட்டத்துக்குத் தாங்கும். திங்கள் காலைதான் அடுத்த சிலிண்டர்.

முதலில் ஸ்டாண்டர்டு. திரையில் ஏழுக்கு நேரே கோடு கூம்பாக மேலேறி ஒரு நெடிய பீக் எழுந்தது. ஆறுக்கு நேரே ஒரு குட்டை பீக். வேறெங்கும் எதுவும் இல்லை, கோடு தரையோடு படுத்திருந்தது. லித்தியம் என்றால் இப்படித்தான் இருக்கும். அதன் அணுக்களில் எல்லாம் ஒரே எடை கிடையாது. சிலது ஆறு, பெரும்பாலானவை ஏழு. ஒரே தனிமம், இரண்டு எடை.

அடுத்து கிரீஸ் கரைசல். ஏழில் நெடியது, ஆறில் குட்டையானது. நான் மூடப் போனேன், சத்தியமாக மூடத்தான் போனேன். கை மவுஸின் மேல் இருந்தது. அப்புறம் இரண்டு படத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

கிரீஸில் ஆறாம் எண்ணின் பீக் நூற்றுக்கு 6.9. ஸ்டாண்டர்டில் 1.9.

"ஏல உச்சி, இங்க வா," என்று கத்தினேன். "இந்தக் குட்டையைப் பாரு. ரெண்டும் லித்தியம்தான? ஒண்ணுல முழங்கால் உசரம் இருக்கு, இன்னொண்ணுல கணுக்கால்தான் இருக்கு."

"எது சரி?"

அதுதானே கேள்வி. புத்தகத்தின்படி சாதாரண லித்தியத்தில் நூறு அணுவுக்கு ஆறு எடை உள்ளவை 7.6, ஏழு எடை உள்ளவை 92.4. இந்த வகை இயந்திரம் இலேசான அணுக்களைக் கொஞ்சம் கோட்டைவிடும் என்பது தெரிந்த சங்கதி, ஆகையால் அது காட்டும் விகிதத்தை அப்படியே நம்பக் கூடாது. யோக்கியமான லித்தியம் ஒன்றை அதே இயந்திரத்தில் ஓட்டி ஒப்பிட வேண்டும். யோக்கியமான லித்தியத்துக்கு எங்கே போவது?

உச்சிமாகாளி குளிர்பெட்டியின் பின்பக்கத்தில் கையை விட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தான். சான்றிதழோடு வந்த பழைய ஸ்டாண்டர்டின் அடிமிச்சம். இரண்டு மில்லிகூட இருக்காது. காலாவதியாகி மூன்று மாதம். "தூரப் போட மனசு வரல," என்றான். அந்த நேரத்தில் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன், அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன் என்பதால் விட்டேன்.

அது ஆறில் 6.9 காட்டியது. கிரீஸ் காட்டிய அதே எண். ஆர்கான் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

நான் ஒரு தாளை எடுத்தேன். 7.6 இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரம் 6.9 காட்டுகிறது. அதே விகிதத்தில் திருத்தினால் எங்கள் ஸ்டாண்டர்டின் 1.9 என்பது 2.1 ஆகிறது. அப்படியானால் ராஜாமணி சாரின் பாட்டிலில் நூறு அணுவுக்கு ஆறு எடை உள்ளவை 2.1தான், ஏழு எடை உள்ளவை 97.9. யாரோ ஆறுகளை முன்கூட்டியே பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை பாட்டிலில் அடைத்து விற்றிருக்கிறார்கள். ஹைட்ரஜன் குண்டு செய்கிறவர்களுக்கு அந்த ஆறுதான் வேண்டும், மீதியைச் சந்தைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று படிக்கும்போது ஒரு அடிக்குறிப்பில் பார்த்த ஞாபகம் வந்தது. பரீட்சைக்கு வராது என்று கடந்துபோன அடிக்குறிப்பு.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எங்கோ ஒரு நாட்டில் ஆறைத் திருடினார்கள், இங்கே ஒரகடத்தில் என் கையைப் பிடித்தார்கள்.

திங்கட்கிழமை சரியாகப் பத்து ஐம்பதுக்குக் காந்திமதி மேடம் வந்தார். கிரீஸ் கம்பெனியின் தரப் பிரிவுத் தலைவி, ஸ்ரீபெரும்புதூர்க்காரர், வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த முகம். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"இன்னா சார், மூணு லாட்டு கெடக்குது. எங்க ஃபிளேம் போட்டோமீட்டர் பழசுதான், அதுக்காக பொய் சொல்லாது. அதுல பாஸ் ஆவுது."

"உங்க நம்பர் எவ்ளோ மேடம்?" என்று ராஜாமணி சார் கேட்டார்.

"அத்த மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அதுக்கு ஏத்தாப்போல காமிச்சிடுவீங்க. முதல்ல உங்க காரணத்தச் சொல்லுங்க." கையில் ஒரு நோட்டைச் சுருட்டி வைத்திருந்தார்.

ராஜாமணி சார் அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். கையெழுத்துக் கோடு இன்னும் காலியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அதன் மேல் மூன்று படங்களை வைத்தேன்.

"மேடம், இது கிரீஸ். இது சான்றிதழ் உள்ள பழைய ஸ்டாண்டர்டு. இது நாங்க இந்த பாட்டிலில் செஞ்ச ஸ்டாண்டர்டு. ஆறுக்கு நேரா பாருங்க. முதல் ரெண்டும் ஒரே உயரம். மூணாவது குட்டை."

காந்திமதி மேடம் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். ராஜாமணி சார் நடுப்படத்தை விரலால் தட்டினார். "இது காலாவதியான சரக்கு. இத்த வெச்சு எப்டி சொல்ற? ஆவியாகி அளவே மாறியிருக்கும்."

"அளவு மாறும் சார். தண்ணி ஆவியாப் போகும், லித்தியம் கெட்டியாகும். ஆனா ஆறும் ஏழும் ஒரே விகிதத்துலதான் இருக்கும். தண்ணி வத்துனா குழம்பு கெட்டியாகும், அதுல போட்ட கத்திரிக்காயும் உருளையும் எண்ணிக்கை மாறுமா?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

"சரி. ஆனா லித்தியத்தோட அணு எடை 6.941. எந்த புக்குல பார்த்தாலும் அதான். நீ புக்கையே மாத்தப் போறியா?"

இந்தக் கேள்விக்காக நான் ஞாயிறு முழுக்கக் காத்திருந்தேன். எழுந்துபோய்ப் பலகையில் எழுதினேன். எந்த ஒரு லித்தியம் அணுவும் 6.94 எடை இருக்காது. ஒன்று 6.015, இல்லையென்றால் 7.016. நடுவில் ஆளே கிடையாது. 6.94 என்பது கூட்டத்தின் சராசரி. 6.015ஐ 0.0759ஆல் பெருக்கு, 7.016ஐ 0.9241ஆல் பெருக்கு, கூட்டு. 6.94 வருகிறது. கூட்டம் மாறினால் சராசரியும் மாறும். இந்த பாட்டிலுக்கு 6.015 பெருக்கல் 0.021, 7.016 பெருக்கல் 0.979. கூட்டினால் 6.995.

"புத்தகம் சரிதான் சார். அது சாதாரண லித்தியத்துக்கு. இந்த பாட்டில் சாதாரணம் இல்ல."

"6.94க்கும் 6.995க்கும் ஒரு சதம்கூட வித்தியாசம் இல்லியே! நம்ம நம்பர் பாஸ் ஆவணும்னா அஞ்சு சதமாவது ஏறணும்."

நல்ல மூளை அவருக்கு. இந்த இடத்தில் நானும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டேன், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

"எடையில இல்ல சார் தப்பு, எண்ணுறதுல. நம்ம மிசின் ஏழை மட்டுந்தான் எண்ணுது. சாதாரண லித்தியத்துல நூத்துக்கு 92.4 ஏழு, இதுல 97.9. ஒண்ணை ஒண்ணால வகுத்தா 1.059. சராசரி ஏறினதால கார்பனேட்டோட மூலக்கூறு எடை 73.89லேருந்து 74.00 ஆகுது, அதே 5.323 கிராம்ல மொத்த அணு துளி குறையும். அதையும் சேத்தா 1.058. நம்ம ஸ்டாண்டர்டு மிசினுக்கு அஞ்சே முக்கா சதம் கூட ஏழு காட்டுது. அதனால கிரீஸ் எல்லாம் கொறைச்சலாத் தெரியுது."

"அப்போ எங்க ஃபிளேம்?" என்றார் மேடம்.

"அது தீயோட சிவப்பு நிறத்தப் பாக்குது மேடம். ஆறா ஏழான்னு அதுக்குக் கவலை இல்ல. ரெண்டும் ஒரே சிவப்புதான்."

வெளியே கார் ஏற்றிய லாரி ஒன்று சத்தமாகத் திரும்பியது. நான் பலகையின் கீழ்ப்பகுதியில் எங்கள் மூன்று எண்களையும் எழுதினேன். ஒவ்வொன்றையும் 1.058ஆல் பெருக்கினேன். 0.240 என்பது 0.254. 0.241 என்பது 0.255. 0.238 என்பது 0.252. சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு மேடம் பக்கம் திரும்பினேன். எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது, அதை மறைக்க இடுப்பில் கையை வைத்துக்கொண்டேன்.

"இப்ப உங்க நம்பரைச் சொல்லுங்க மேடம்."

காந்திமதி மேடம் சுருட்டிய நோட்டைப் பிரித்து, மேசையில் எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். நீல மையில் மூன்று எண்கள். 0.254. 0.255. 0.253.

"கடைசில ஒண்ணு இடிக்குது," என்றார். "அது எங்க மெஷினோட வயசு. இன்னா பொண்ணு சார் இது! எங்க வெச்சிருந்தீங்க இத்தினி நாளு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடக்கமாக இருந்தேன் என்று எழுதலாம்தான், ஆனால் பொய். உச்சிமாகாளி கதவுப் பக்கம் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். நானும் காட்டினேன்.

ராஜாமணி சார் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு படங்களுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவி நான்காகக் கிழித்தார். "பாட்டில வாங்கினது நான்," என்று மேடத்திடம் சொன்னார். "தூய்மை 99.9ன்னு பாத்தேன். அதுக்கு மேல பாக்கணும்னு தோணல." அவர் அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்கு அவர் மேல் மூன்று நாளாக இருந்த கோபம் அந்த இடத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை அந்தக் கூடம் கோணலுக்காக வைத்துக்கொண்டேன்.

பழைய ஸ்டாண்டர்டின் மிச்சத்தை நம்பி அறிக்கை கொடுக்க முடியாது. ஆகவே பாட்டிலின் திருத்தத்தை எழுதி வைத்து, மூன்று லாட்டையும் புதிய ஆர்கானில் மறுபடி ஓட்டினோம். ஆறையும் ஏழையும் சேர்த்து எண்ணினோம். மாலை நாலரைக்கு மூன்று திருத்திய அறிக்கைகள் அச்சாகி வந்தன. மூன்றும் 0.250க்கு மேலே. மேடம் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் கம்பெனி வாசலில் லாரிகள் நின்றிருந்தன.

அறிக்கையோடு புதிய காரணத் தாள் ஒன்றும் வேண்டியிருந்தது. சார் அதை என்னிடம் நீட்டினார். "நீயே எழுதும்மா. அறிக்கைல பேரு உன்னோடதுதான். முன்னாடி குடுத்த மூணும் தப்புன்னு நீதான் எழுதித் தரணும்."

பேனாவை வாங்கியபோதுதான் அது எனக்கு உறைத்தது. நிறுத்தது சரி. ஆனால் அந்த மூன்று தவறான எண்ணும் என் எண்தான். ஆறாம் எண்ணில் ஒரு பீக் உண்டு என்று எனக்குத் தெரியும். அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். நான்கு மாதமாகத் தினமும் இந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஒருநாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. என் அறைப் பெண்களிடம் அணுவை எண்ணுகிறேன் என்று அலட்டியவள், ஆறு எடை அணுக்களின் பக்கம் திரும்பாமலே எண்ணியிருக்கிறேன்.

காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால், "லித்தியம் ஆறை நாங்கள் பார்க்கவில்லை."

அதன் கீழே செல்வலட்சுமி என்று போட்டேன். பிறகு திருத்திய அறிக்கைகள் மூன்றிலும், முன்பு கொடுத்தது தவறு என்ற வரிக்கு அடியில், மூன்று முறை போட்டேன். சனிக்கிழமை ஒரு கையெழுத்துக்குச் செத்தாலும் மாட்டேன் என்று நின்ற கை, திங்கட்கிழமை நான்கு போட்டது. ஒன்றிலும் எழுத்து கோணவில்லை.

ராஜாமணி சார் காரணத் தாளை வாங்கி என் வரியைப் படித்தார். பின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார்.